பழைய கணக்கேடுகளை ஸ்கேன் செய்யும்போது புள்ளியும் இலக்கமும் கெடாமல் இருக்க எந்த அமைப்பு சரி?

ராயபுரம் வாசகன்

எங்கள் தெருப் படிப்பகத்தில் 1950-களையும் 60-களையும் சேர்ந்த ஆறு கணக்கேடுகள், சில கூட்டக் குறிப்பேடுகள், அச்சிட்ட ஆண்டறிக்கைகள் ஆகியவை உள்ளன. கடற்காற்று நேரே வந்து படும் கட்டடம் என்பதால் தாள்கள் பழுப்பேறிவிட்டன; நீலக்கறுப்பு மை பல பக்கங்களில் மறுபக்கம் வரை ஊறியிருக்கிறது. இவற்றை ஸ்கேன் செய்து, பிறகு நிதானமாகப் பார்த்துத் தட்டச்சு செய்வது எங்கள் திட்டம்.

முதல் ஏட்டை ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து பிடிஎஃப் ஆக வாங்கினோம். "300 டிபிஐ" என்று கடைக்காரர் சொன்னார். 180 பக்கங்கள், மொத்தமே 11 எம்பி. திரையில் பார்க்கும்போது தாள் வெள்ளை வெளேரென்றும் எழுத்து கருகருவென்றும் இருந்ததால் எங்களுக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் தட்டச்சு செய்யும் நண்பர் இரண்டு குறைகளைச் சொல்கிறார்.

முதலாவது, மெய்யெழுத்துகளின் மேலுள்ள புள்ளிகள் பாதிக்குமேல் காணவில்லை. இரண்டாவது, சில பக்கங்களில் கூட்டுத்தொகை உதைக்கிறது. ஒரு பக்கத்தில் 3-8-0, 1-8-0, 2-8-0, 0-12-0 என்று ரூபாய், அணா, பை வரிசையில் நான்கு பற்றுகள் உள்ளன. கூட்டினால் 8-4-0 வர வேண்டும். ஏட்டில் 8-2-0 என்றே எழுதியிருக்கிறது. மூல ஏட்டைத் திறந்து பார்த்தால் இரண்டாவது பற்று 1-6-0. ஸ்கேனில் அந்த 6, 8 ஆகத் தெரிகிறது. மற்ற ஏடுகளைக் கொடுப்பதற்குமுன், எத்தனை டிபிஐ, எந்தக் கோப்பு வகை, எவ்வளவு சுருக்கம் என்பதை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தங்கசாலை அச்சகன்

நான் நாற்பது ஆண்டுகள் அச்சுத்தொழிலில் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். எழுத்து என்பது கறுப்பு, தாள் என்பது வெள்ளை. இடையிலுள்ள சாம்பல் எல்லாம் இடத்தை அடைக்கும் வெற்றுச் சுமை. 600 டிபிஐ, கறுப்பு வெள்ளை, குரூப் 4 சுருக்கம் என்று போடுங்கள். குரூப் 4 ஓர் இம்மியைக்கூட இழக்காது. கோப்பும் சிறியதாக இருக்கும். இதைத் தவிர வேறு அமைப்பு தேவையில்லை என்பதே என் துணிபு.

திருவொற்றியூர் மலர்

எனக்கும் இதே சிக்கல்தான். என் தாத்தா ரங்கூனிலிருந்து எழுதிய கடிதங்களை என் சித்தப்பா கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். பெரிதாக்கினால் எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோல் இருக்கிறது. இப்படிப்பட்ட படத்தைத் தானாகவே எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள் எது என்று ராயபுரம் ஐயா கேட்கிறார் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் எனக்கும் சொல்லுங்கள்.

பெரம்பூர் சுவடியர்

மலர் அம்மா, அவர் கேட்பது மென்பொருளைப் பற்றியன்று. மனிதர் பார்த்துத் தட்டச்சு செய்ய ஏற்ற படம் எப்படி எடுப்பது என்பதைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதங்களுக்கும் விடை ஒன்றுதான். வாட்ஸ்அப் படமாக அனுப்பும்போது அளவையும் குறைத்து ஜேபெக் சுருக்கத்தையும் கூட்டிவிடுகிறது. நீங்கள் பார்ப்பது அந்தச் சுருக்கத்தின் இரைச்சல். சித்தப்பாவின் கைப்பேசியில் மூலப்படம் அழியாமல் இருந்தால், அதைப் படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்களுக்கு வந்து சேர்ந்த படத்தை எந்த மென்பொருளாலும் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது.

ராயபுரம் ஐயா, டிபிஐ பற்றிப் பேசுவதற்குமுன் உங்கள் கையிலுள்ள கோப்புக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். பிடிஎஃப் என்பது ஓர் உறை மட்டுமே. 300 என்று கடையில் சொன்னதும், உறைக்குள் இருப்பதும் வேறாக இருக்கலாம். கணினியில் `poppler-utils` நிறுவியிருந்தால் இந்த ஒரு கட்டளை போதும்:

```
pdfimages -list kanakku_1.pdf
```

முதல் இரண்டு வரிகளை மட்டும் இங்கே ஒட்டுங்கள்.

ராயபுரம் வாசகன்

பட்டியலின் கடைசி இரண்டு நெடுவரிசைகளை விட்டுவிட்டு ஒட்டியிருக்கிறேன்.

```
page num type    width height color comp bpc enc   interp object ID x-ppi y-ppi
   1   0 image     850   1350 rgb      3   8 jpeg  no          7  0   100   100
   1   1 stencil  1700   2700 -        1   1 jbig2 no          8  0   200   200
```

ஒரு பக்கத்துக்கு ஏன் இரண்டு படங்கள் இருக்கின்றன என்று புரியவில்லை.

பெரம்பூர் சுவடியர்

நடந்தது முழுவதும் இந்த இரண்டு வரிகளில் இருக்கிறது.

ஸ்கேன் எந்திரம் உங்கள் பக்கத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறது. தாளின் நிறத்தை 100 அளவில் மங்கலான ஜேபெக் படமாக அடியில் வைத்துவிட்டு, எழுத்து என்று தான் தீர்மானித்ததை மட்டும் 200 அளவில் கறுப்பு வெள்ளை அச்சாக மேலே வைத்திருக்கிறது. பல அலுவலக எந்திரங்களில் "காம்பாக்ட் பிடிஎஃப்", "ஹை கம்ப்ரெஷன்" என்ற பெயர்களில் இருக்கும் அமைப்பு இதுதான். 180 பக்கங்கள் 11 எம்பிக்குள் அடங்கியதும், தாள் வெள்ளை வெளேரென்று தெரிந்ததும் இதனால்தான். எந்திரம் 300-இல் ஸ்கேன் செய்திருக்கவும் கூடும். ஆனால் உங்கள் கைக்கு வந்தது 200 மட்டுமே.

மங்கிய மைக்கு இது கேடு. படத்தின் ஒவ்வொரு பிக்சல் சதுரத்திலும் எந்திரம் "கறுப்பா, வெள்ளையா" என்று ஒரு முடிவு எடுக்கிறது. மை வெளிறிய கோடு வெள்ளையாகிவிடும். மை ஊறிய இடைவெளி கறுப்பாகிவிடும். 6-இன் மேல்வளைவுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள சிறிய திறப்பு அடைபட்டால் அது 8 ஆகத்தான் தெரியும்.

இன்னொரு வழியிலும் 6, 8 ஆகலாம். அது இதைவிட ஆபத்தானது. `jbig2` முறை இழப்பு ஏற்கும் வகையில் அமைக்கப்பட்டிருந்தால், பக்கத்தில் ஒன்றுபோல் தோன்றும் வடிவங்களைச் சேர்த்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலெல்லாம் அதையே ஒட்டும். 2013-இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியர் ஜெராக்ஸ் நிறுவனத்தின் எந்திரத்தில் ஒரு கட்டட வரைபடத்தை ஸ்கேன் செய்தபோது, 14.13, 21.11, 17.42 என்று வெவ்வேறு பரப்புள்ள மூன்று அறைகளும் 14.13 என்றே வந்தன. எழுத்து மங்கவில்லை, சிதையவில்லை. தெளிவாகவே தவறாக இருந்தது.

உங்கள் ஏட்டில் நடந்தது எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. படங்களைத் தனியே பிரித்தெடுங்கள்:

```
pdfimages -png -f 1 -l 1 kanakku_1.pdf pakkam
```

(கணக்கு உதைத்த பக்கத்தின் எண்ணை இரண்டு இடங்களிலும் போடுங்கள்.) அதில் ஐயத்துக்குரிய 8-ஐயும் அருகிலுள்ள உண்மையான 8-ஐயும் பெரிதாக்கி ஓரங்களை ஒப்பிடுங்கள். கையால் எழுதிய இரண்டு எட்டுகள் சதுரத்துக்குச் சதுரம் ஒன்றாக இருக்கவே முடியாது. அப்படி இருந்தால் அது ஒட்டிய எட்டு. சற்றேனும் மாறியிருந்தால் திறப்பு அடைபட்ட ஆறு. பட்டியலில் `jbig2` என்று இருப்பது மட்டும் குற்றத்துக்குச் சான்று ஆகாது. இழப்பில்லாத `jbig2`-உம் உண்டு, இந்தக் கட்டளை இரண்டையும் பிரித்துக் காட்டாது.

ராயபுரம் வாசகன்

பார்த்தேன். கணக்கேட்டிலுள்ள இரண்டு எட்டுகளும் வெவ்வேறாகவே உள்ளன. ஐயத்துக்குரியதன் மேல்பகுதி பிசுபிசுவென்று அடைபட்டிருக்கிறது. ஆனால் அதே கடையில் ஸ்கேன் செய்த அச்சிட்ட ஆண்டறிக்கையில் சந்தா எழுதப்பட்ட பத்தியில் மூன்று "ரா"க்களின் ஓரங்கள் அப்படியே ஒன்றாக உள்ளன. அச்சு என்பதால் அவை ஒன்றாகத்தானே இருக்கும்?

தங்கசாலை அச்சகன்

இல்லை ஐயா, இதில் நான் உறுதியாகச் சொல்வேன். ஈய எழுத்து ஒரே வார்ப்பாக இருந்தாலும், மை ஏறும் அளவும் அழுத்தமும் தாளின் நாரும் ஒவ்வோர் இடத்திலும் மாறும். தேய்ந்த எழுத்தும் புதிய எழுத்தும் ஒரே வரியில் கலந்து நிற்கும். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் ஒரு பக்கத்தில் இரண்டு "ரா" ஒன்றாக இருந்து நான் கண்டதில்லை.

பெரம்பூர் சுவடியர்

அச்சக ஐயா சொல்வது சரி. அந்த ஆண்டறிக்கையில் வடிவங்கள் ஒட்டப்பட்டுள்ளன. அந்தக் கோப்பைத் தட்டச்சுக்குப் பயன்படுத்த வேண்டாம். காலும் ரகரமும், ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் சிறிய அச்சில் மிக நெருங்கியவை. எந்திரத்துக்கு அவை ஒன்றாகத் தோன்றலாம். "கெடு" என்பது "கேடு" ஆனால் படிப்பவர் வாக்கியத்தை வைத்துக் கண்டுபிடிப்பார். ஓர் ஊர்ப்பெயரிலோ ஆள்பெயரிலோ மாறினால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

வியாசர்பாடி எழுத்தன்

படிப்பகத்தின் ஏட்டைத் தட்டச்சு செய்பவன் நான்தான். இலக்கம் மாறினால் கூட்டுத்தொகை காட்டிக்கொடுத்துவிடுகிறது. புள்ளிக்கு அப்படிக் காவல் இல்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

இந்த ஏட்டை எழுதிய மூவரில் ஒருவர், வேகமாக எழுதும்போது புள்ளியையே வைக்காதவர் என்று மூலத்தைப் பார்த்த சில பக்கங்களிலிருந்து தெரிகிறது. மற்ற இருவரும் ஒழுங்காக வைப்பவர்கள். உள்ளதை உள்ளபடி பெயர்த்தெழுதுவது என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். அதாவது அவர் "மனறம" என்று எழுதியிருந்தால் நானும் அப்படியே எழுத வேண்டும். ஆனால் ஸ்கேனில் புள்ளி இல்லாத ஒரு சொல்லைப் பார்க்கும்போது, எழுதியவர் வைக்கவில்லையா, மை வெளிறிவிட்டதா, எந்திரம் துடைத்துவிட்டதா என்று எனக்குத் தெரிவதில்லை. படம் மங்கலாக இருந்தால் "இங்கே ஐயம்" என்று குறித்துவிடுவேன். இது தெளிவாக, சுத்தமாக, புள்ளி இல்லாமல் இருக்கிறது. எனவே ஐயப்படவும் தோன்றாமல் பல பக்கங்களைத் தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். அவற்றையெல்லாம் இனி மூலத்தோடு ஒப்பிட வேண்டும்.

பெரம்பூர் சுவடியர்

தம்பி சொன்னதையே அளவுகோலாக வைத்து அமைப்பை முடிவு செய்யலாம். பக்கத்திலேயே மிகச் சிறியது எது, அது போனால் பொருள் மாறுமா என்று கேட்க வேண்டும். தமிழில் அது பெரும்பாலும் புள்ளி.

பேனாவால் வைத்த புள்ளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இருக்கும். ஆண்டறிக்கையின் அடிக்குறிப்பு போன்ற சிறிய அச்சில் 0.3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 0.3 மில்லிமீட்டர் 200 டிபிஐயில் இரண்டரைச் சதுரம்கூட ஆகாது. 300-இல் மூன்றரை, 400-இல் ஏறத்தாழ ஐந்து, 600-இல் ஏழு. இரண்டு சதுரத்தில் உள்ள புள்ளியும் தாளிலுள்ள பூஞ்சைக் கறையும் பார்ப்பவருக்கு ஒன்றுதான். ஐந்து சதுரம் இருந்தால் உருண்டையா, கிழிந்த ஓரம் உள்ள கறையா என்று கண் பிரித்துவிடும். ஆகவே உங்கள் கணக்கேடுகளுக்கு 400, சிறிய அச்சுள்ள ஆண்டறிக்கைகளுக்கு 600 என்பது என் கருத்து. ஸ்கேனரின் உண்மையான ஒளியியல் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 9600 போன்ற எண்கள் இடையில் இட்டு நிரப்பியவை.

டிபிஐயைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஸ்கேன் மென்பொருளிலுள்ள "டீஸ்பெக்கிள்" அமைப்பை அணைத்துவிடுங்கள். தனித்து நிற்கும் சிறிய கறுப்புப் பொட்டுகளைத் தூசி என்று கருதித் துடைப்பதே அதன் வேலை. மெய்யெழுத்தின் புள்ளி தனித்து நிற்கும் சிறிய கறுப்புப் பொட்டு அல்லாமல் வேறென்ன? ரோமன் எழுத்தில் அது துடைப்பது பெரும்பாலும் ஐ, ஜே ஆகிய இரண்டு எழுத்துகளின் தலைப்பொட்டை மட்டும். சொல் அப்போதும் படிக்கக் கிடைக்கும். தமிழில் அது ஒவ்வொரு மெய்யையும் உயிர்மெய்யாக்கிவிடுகிறது. "பின்னணி நீக்கம்", "எழுத்து மேம்பாடு" ஆகியவற்றையும் அணையுங்கள். மறுபக்க மை தெரிவதைக் குறைக்க, தாளின் பின்னே கறுப்பு அட்டையை வைத்து ஸ்கேன் செய்தால் போதும்.

தங்கசாலை அச்சகன்

அப்படியானால் 600-இல் கறுப்பு வெள்ளை எடுப்பதில் என்ன குறை? குரூப் 4 எதையும் இழக்காது என்று நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

பெரம்பூர் சுவடியர்

குரூப் 4 இழப்பதில்லை என்பது உண்மைதான் ஐயா. இழப்பு அதற்கு முன்பே, படத்தைக் கறுப்பு வெள்ளையாக வெட்டும் இடத்தில் நடந்துவிடுகிறது. வெட்டிய பிறகு எஞ்சியதை குரூப் 4 பத்திரமாக வைத்திருக்கிறது. உங்கள் அச்சகத்திலிருந்து வந்த நல்ல தாளில், நல்ல மையில் அடித்த பக்கத்துக்கு 600 கறுப்பு வெள்ளை மிக நன்றாகவே பொருந்தும். ஆண்டறிக்கைகளில் பழுப்பேறாத பக்கங்களுக்கு அதை நான் மறுக்கவில்லை. கையெழுத்து ஏட்டுக்கு மட்டும் வேண்டாம். ஒரே பக்கத்தில் அடர்ந்த மையும் வெளிறிய மையும் இருக்கும்போது, இரண்டுக்கும் பொருந்தும் ஒரே வெட்டுக்கோடு கிடைப்பதில்லை.

ராயபுரம் ஐயா, ஏடுகளில் வண்ண மை எதுவும் உண்டா?

ராயபுரம் வாசகன்

உண்டு. தணிக்கை செய்தவர் சிவப்பு மையால் டிக் அடித்திருக்கிறார். சில இலக்கங்களைச் சிவப்பால் திருத்தியும் இருக்கிறார். 1957-க்குப் பிறகு அணாக் கணக்கின்மேல் நயா பைசாவைச் சிவப்பில் எழுதிய பக்கங்களும் இருக்கின்றன.

பெரம்பூர் சுவடியர்

அப்படியானால் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். சாம்பல் நிறப் படத்தில் சிவப்பும் வெளிறிய நீலமும் ஒன்றுபோல் தெரியும். முதலில் எழுதியது எது, திருத்தியது எது என்பது போய்விடும். வண்ணம் இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. சிவப்புத் தடத்தை மட்டும் பிரித்தால் சிவப்பு மை ஏறக்குறைய மறைந்து, அடியிலுள்ள நீலக்கறுப்பு இலக்கம் தனியே தெரியும்:

```
magick edu2_014.tif -channel R -separate edu2_014_R.png
```

சேமிக்க டிஃப் கோப்பு, அதில் `LZW` அல்லது `Deflate` சுருக்கம். இரண்டும் இழப்பில்லாதவை. டிஃப் என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அதற்குள்ளும் ஜேபெக் சுருக்கம் இருக்க முடியும். `tiffinfo edu2_014.tif` என்று கேட்டால் `Compression Scheme` என்ற வரியில் உண்மை தெரிந்துவிடும்.

ராயபுரம் வாசகன்

இடத்தைப் பற்றிய கவலை ஒன்று இருக்கிறது. ஏடு ஃபுல்ஸ்கேப் அளவு, எட்டரைக்குப் பதின்மூன்றரை அங்குலம். 400 வண்ணத்தில் ஒரு பக்கம் 55 எம்பி என்று கணக்கு வருகிறது. 180 பக்க ஏடு ஒன்றுக்கு ஏறக்குறைய 10 ஜிபி. இதைத் தட்டச்சு செய்பவருக்கு எப்படி அனுப்புவது? மேலும், குறிப்பேடுகளில் கார்பன் வைத்து எடுத்த கடிதப் பிரதிகளும் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றுக்கும் 600 வேண்டுமா?

பெரம்பூர் சுவடியர்

சுருக்கிய பிறகு 10 ஜிபி ஓரளவு குறையும். தாள் கறைபட்டிருந்தால் மிகுதியாகக் குறையாது. ஆறு ஏடுகளும் ஒரு சாதாரண வன்தட்டில் அடங்கிவிடும். தட்டச்சு செய்பவருக்கு டிஃப் அனுப்ப வேண்டியதில்லை. அதிலிருந்து ஒரே ஒரு முறை ஜேபெக் எடுத்து அனுப்புங்கள்:

```
magick edu2_014.tif -quality 90 -sampling-factor 4:4:4 edu2_014.jpg
```

அந்த `4:4:4` இல்லாவிட்டால் சில அமைப்புகளில் நிறத்தின் நுணுக்கம் பாதியாகக் குறைந்து, மெல்லிய சிவப்பு டிக்குகள் பக்கத்து இலக்கத்தின்மேல் கசியக்கூடும். அந்த ஜேபெக்கைத் திறந்து, திருப்பி, மீண்டும் ஜேபெக்காகவே சேமிக்கும் பழக்கம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் புள்ளியைச் சுற்றி இரைச்சல் கூடும்.

கார்பன் பிரதிக்கு 600 தேவையில்லை. அங்கே கோடே பஞ்சுபோல் பரவியிருக்கிறது. மூலத்தில் இல்லாத கூர்மையைக் கூடுதல் சதுரங்கள் கொண்டுவந்து தரா. 400 வண்ணமே போதும்.

வியாசர்பாடி எழுத்தன்

சுவடியர் அண்ணா சொன்ன அளவுகளைச் சோதிக்க, புள்ளி வைக்காதவர் எழுதிய பக்கம் ஒன்றையும் புள்ளி வைப்பவர் எழுதிய பக்கம் ஒன்றையும் 300, 400, 600 என்று மூன்று அளவிலும் வண்ணத்தில் எடுத்துப் பார்த்தோம். எது எந்த அளவு என்று எனக்குச் சொல்லாமல் வாசகன் ஐயா கொடுத்தார். நான் தட்டச்சு செய்ததைப் பிறகு மூலத்தோடு ஒப்பிட்டோம்.

புள்ளி வைப்பவரின் பக்கத்தில் மூன்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. 300-இலேயே எல்லாப் புள்ளிகளும் கிடைத்தன. மற்றவரின் பக்கத்தில்தான் வேறுபாடு. தாளின் பழுப்புப் பொட்டுகளை 300-இல் நான் சில இடங்களில் புள்ளி என்று படித்துவிட்டேன். 400-இல் மையின் நீலமும் கறையின் பழுப்பும் பிரிந்து தெரிந்தன. 600-இல் புதிதாக எதையும் நான் காணவில்லை. பக்கம் திறக்கத்தான் நேரமானது.

தங்கசாலை அச்சகன்

இரண்டு பக்கங்களை வைத்து முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. ஏட்டை ஒருமுறைதான் விரித்து அழுத்த முடியும். தையல் விட்டுப்போன ஏட்டை மறுமுறை ஸ்கேன் செய்ய முடியுமா என்பது உறுதியில்லை. அப்படியிருக்கும்போது 600-ஐ எடுத்து வைத்துக்கொள்வதே அறிவு. ஆனால் கையெழுத்துக்கு வண்ணம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெரம்பூர் சுவடியர்

600 வண்ணம் என்றால் ஒரு பக்கம் 124 எம்பி ஐயா, ஸ்கேனரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் கூடுதல் நேரம் எடுக்கும். அவ்வளவு நேரம் தையல் விட்ட ஏட்டைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்திருப்பதும் ஏட்டுக்குச் சுமைதான். எனினும் மிகவும் நைந்த ஏடுகளைப் பொறுத்தவரை உங்கள் வாதத்தில் பொருள் உண்டு.

ராயபுரம் வாசகன்

இரண்டாம் ஏட்டை 400 வண்ணம், `LZW` டிஃப், எல்லாத் திருத்த அமைப்புகளும் அணைத்த நிலையில் படிப்பகத்திலேயே தொடங்குகிறோம். ஆண்டறிக்கைகளைக் கடைக் கோப்பை விட்டுவிட்டு 600-இல் மீண்டும் எடுப்போம். ஆறாவது ஏடு தையல் விட்டுப்போனது. அதற்கு மட்டும் அச்சக ஐயா சொன்ன 600-ஆ, அல்லது கவிழ்க்காமல் மேலிருந்து கேமராவால் எடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கேமராவில் ஃபுல்ஸ்கேப் பக்கத்துக்கு 400 கிடைக்க 3400-க்கு 5400 சதுரங்கள், அதாவது குறைந்தது 18 மெகாபிக்சல் பக்கத்துக்கு மட்டுமே வேண்டும் என்று கணக்கு வருகிறது. அப்படி எடுத்தவர்கள் யாரேனும் இருந்தால், தாளின் ஓரங்களிலும் புள்ளி நடுப்பகுதியைப்போலவே கூர்மையாக வந்ததா என்று எழுதுங்கள்.